புபாயின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு

மகேஷ் செல்போன் வாங்கிக் கொடுத்த அன்றைக்கு ரஞ்சனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டாயிரத்து நான்காம் வருஷம், ஆகஸ்ட் மாசம். கல்கத்தா பெஹாலாவில் அவர்கள் தெருவில் சில அப்பாமார் கையில்தான் போன் இருந்தது. இருபத்திரண்டு வயசுப் பெண்ணின் கைப்பைக்குள் போன் மணி அடித்தது அதுதான் முதல் தடவை. தை பிறந்ததும் நிச்சயம் செய்வதாக இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். கட்டிக்கப் போகிறவன் பிறந்த நாளுக்குப் போன் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பாள்? நீங்களாக இருந்தாலும் வாங்கித்தான் இருப்பீர்கள்.

போனோடு ஒரு ஏற்பாடும் வந்தது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் ஒன்று. காளிகாட்டில் ஆபீஸ் படியேறியதும் ஒன்று. காசும் செலவில்லை, கவலையும் இல்லை என்றான் மகேஷ். அவளுக்குச் சிரிப்பாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தன்னை ஒருத்தன் இப்படி நிமிஷத்துக்கு நிமிஷம் நினைக்கிறானே என்று நினைத்தாள். அந்தப் பெருமை சரியாக ஒரு மாசம் தாங்கியது. அப்புறம் ஒன்பதே முக்கால் ஆனால் கண் கடிகாரத்தை விட்டு நகராது. வழியில் தாராதலாவில் ஆட்டோ நெரிசலில் மாட்டி மூன்றாவது மணி பத்து நிமிஷம் தள்ளிப் போனால், அவனே கூப்பிடுவான். எங்கே இருக்கே, பக்கத்துல யாரு, ஏன் சத்தம் வித்தியாசமா இருக்கு? குரலில் கோபமே இருக்காது. கோபம் இருந்திருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள்.

அவள் அப்பா செல்வராஜ் தூத்துக்குடிக்காரர். கிதர்பூர் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை. கல்யாணமான கையோடு அம்மா சௌந்தரத்தைக் கூட்டிக்கொண்டு கல்கத்தா வந்தவர், இருபத்துநாலு வருஷமாக ஒரே வீட்டின் மாடியில் குடியிருக்கிறார். ரஞ்சனா அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சரளம். கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடப் படித்துவிட்டு ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வேலை பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள், மாடிப்படிக் கணக்கில் ஓர் அங்குலம் பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று ஆபீசில் பேர்.

மகேஷை அவள் பார்த்தது தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில். அவன் அப்பா மத்திய அரசு ஆபீசர், அலிப்பூரில் குவார்ட்டர்ஸ். இவன் எஸ்பிளனேடில் விமான டிக்கெட் போடும் கம்பெனியில் இருந்தான். வேடிக்கையாகப் பேசுவான், நன்றாகப் பாடுவான், அவள் பசியாக இருக்கிறாள் என்று அவள் சொல்லும் முன்பே தெரிந்துகொள்வான். கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லையே. இரண்டு பேரும் வீட்டில் சொன்னார்கள், ஒரே சாதியாகப் போனதால் யாரும் குறுக்கே நிற்கவில்லை.

முதலில் போனது கையில்லாத சட்டை. போடாதே என்று அவன் சொல்லவில்லை. உன்னைப் பார்க்கிறவனுங்க கண்ணு எப்படின்னு உனக்குத் தெரியாது, ஆம்பளை எனக்குத் தெரியும் என்றான். அடுத்தது ஆபீஸ்காரர்களோடு சனிக்கிழமை டீ. அதற்கு அடுத்தது தெருப் பூஜைப் பந்தலில் பாடுவது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். இதுக்குப் போய் ஒரு சண்டையா என்று அவளே விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்த அன்றைக்கு அவன் உருகிப் போவான். காளிகாட் மெட்ரோ வாசலில் நின்று, உன்னை மாதிரி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செஞ்சேன் என்பான். அந்த உருகலுக்காகவே அடுத்ததையும் விட்டுக்கொடுக்கலாம் போலத் தோன்றும். அவள் முட்டாள் இல்லை. ஆனாலும் தோன்றியது.

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். சௌந்தரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அவன் கேக்கான்னா அக்கறை இருக்கப் போய்த்தானே கேக்கான், கேக்க ஆளில்லாதவ படுத பாடு ஒனக்குத் தெரியுமா என்றாள். மகேஷின் அம்மா விஜயலட்சுமியோ இன்னும் ஒரு படி மேலே. கல்யாணமான புதுசில் இவன் அப்பா என்னைப் பால்கனியில் நிற்கவே விடமாட்டார் என்று, என்னவோ மெடல் வாங்கியதைச் சொல்வது போலச் சொன்னாள். மகன் அப்பாவைக் கொண்டிருக்கிறானாம், அதில் அவளுக்குப் பூரிப்பு.

பொறாமை ரஞ்சனாவுக்கும் இருந்தது, இல்லையென்று சொன்னால் அது பொய். மகேஷின் ஆபீசில் சுதேஷ்ணா என்று ஒருத்தி. அவன் பேச்சில் அந்தப் பெயர் ஒரு நாளைக்கு மூன்று தடவை வரும். ரஞ்சனா எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டும் விட்டாள். மகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அம்மாவிடம் சொல்லி அவளும் சிரித்தாள். ஆம்பளைன்னா நாலு பேரோட பழகத்தான் செய்வான், நீ இப்பவே சந்தேகப் பிராணியா இருந்தா எப்படி என்று செல்லமாகக் கன்னத்தைக் கிள்ளினாள். ஒரே வியாதிதான், பாருங்கள். அவனுக்கு வந்தால் பிரியம், இவளுக்கு வந்தால் சந்தேகப் புத்தி. ரஞ்சனா வெட்கப்பட்டுப் போய், அப்புறம் சுதேஷ்ணா பேச்சையே எடுக்கவில்லை.

அவனுக்கு எங்கிருந்து வந்தது அந்தப் பயம்? கல்லூரியில் அவனோடு சுற்றிய பெண் ஒருத்தி கடைசி வருஷத்தில் வேறொருத்தனோடு போய்விட்டாள். வலி அதில் பாதிதான். மீதிப் பாதி கூட்டாளிகள் கொடுத்தது. ஒரு பொண்ணைக் கையில வச்சுக்கத் தெரியாதவன் என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் மனசு மாறியதை யாரும் பேசவில்லை. இவன் ஆம்பளையாக இல்லாததுதான் பேச்சாகிவிட்டது. இதையெல்லாம் மகேஷே ஒரு நாள் ரஞ்சனாவிடம் கண் கலங்கச் சொன்னான். அன்றையிலிருந்து அவன் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவள் மனசுக்குள் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. பாவம், பட்டவன், நாம் அவள் மாதிரி இல்லை என்று காட்டவேண்டாமா?

இப்போது புபாய்க்கு வருகிறேன். வீட்டுக்காரர் பையன், கீழ்த்தளம். பேர் தீபாஞ்சன், கூப்பிடுவது புபாய். இவளைவிட ஒரு வயசு பெரியவன். இரண்டும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாக அம்மை போட்டுக்கொண்டு, மொட்டைமாடியில் பட்டம் விட்டு அடித்துக்கொண்டு வளர்ந்தவை. அவன் அம்மாவை ரஞ்சனா காகிமா என்பாள். நம்மூரில் சித்தி என்கிற மாதிரி. புபாய் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தான். பழைய ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தான். மழை நாளில் ரஞ்சனாவை ஆபீசுக்குப் பக்கத்து ராஷ்பிகாரி முனையில் இறக்கிவிட்டுப் போவது வழக்கம். அவர்களுக்குள் வேறு எதுவும் இருந்ததில்லை. அப்படி ஒன்று இருக்கலாம் என்கிற நினைப்பே மகேஷ் கேட்ட பிறகுதான் அவளுக்கு வந்தது, வந்ததும் அருவருப்பாக இருந்தது.

ஸ்கூட்டரில் ஏறவேண்டாம் என்று மகேஷ் சொன்னான். சரி என்றாள். செப்டம்பரில் ஒரு நாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பெஹாலாவில் மழை பெய்தால் கேட்க வேண்டுமா, கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஆட்டோ ஒன்றுகூட இல்லை. பதினொரு மணிக்கு அவள் வரைபடத்தோடு ஒரு பார்ட்டியைப் பார்க்க வேண்டும். புபாய் வண்டியை வெளியே எடுத்துக்கொண்டு வாடி என்றான். ஏறிவிட்டாள். மகேஷ் கூப்பிட்டு எதில் வந்தே என்று கேட்டபோது, ஆட்டோ என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

யோசித்துப் பாருங்கள், அவள் மறைத்தது என்ன? ஒன்றுமில்லாததை. உண்மையைச் சொன்னால் இரண்டு நாள் அவன் சாப்பிடமாட்டான், ராத்திரியெல்லாம் போன் அடிக்கும், அழுகை, சமாதானம். அதற்குப் பயந்து ஒரு வார்த்தையைப் பூசி மெழுகினாள். போதாத காலம், மாஜெர்ஹாட் பாலத்தின் மேல் மகேஷின் சிநேகிதன் கௌசிக் பஸ்ஸில் இருந்தபடி இவர்களைப் பார்த்துத் தொலைத்தான். பார்த்தவன் சும்மா இருந்தானா? என்னடா, உன் ஆளு எவன் பின்னாலயோ தொத்திக்கிட்டுப் போகுது, நீ இங்க டிக்கெட் கிழிச்சுட்டு இருக்கே என்று சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் மெட்ரோ வாசலில் மகேஷ் கத்தவில்லை. முகம் வெளிறிப்போய் நின்றான். ஸ்கூட்டர்ல போனது கூட எனக்குப் பெரிசில்லை ரஞ்சு, ஏன் பொய் சொன்னே என்று கேட்டான். தப்பே செய்யாத பெண் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குற்றவாளி மாதிரி உணர்ந்தாள். இத்தனை நாள் காற்றில் கம்பு சுற்றிக்கொண்டிருந்தவனுக்கோ கையில் ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டது. அவன் பயம்தான் அவளைப் பொய் சொல்ல வைத்தது, அவள் பொய்தான் அவன் பயத்தை நியாயமாக்கியது. இந்தச் சுழலுக்குள் போனவர்கள் கரையேறுவது கஷ்டம்.

துர்கா பூஜைக் காலம் முழுக்க அவள் வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தாள். புபாய் படியேறி வரும் சத்தம் கேட்டாலே அறைக்குள் போய்விடுவாள். ஆபீசில் சாய் கிருஷ்ணா என்ற புதுப் பையன் பென்சில் கேட்டால்கூடத் தலை நிமிராமல் கொடுத்தாள். போனில் வந்த செய்திகளை அழித்தாள். அழித்தது தெரிந்தால் என்ன ஆகும் என்று, அழிக்காமலும் விட்டாள். வரைபடத்தில் முதல் தடவையாக ஒரு கதவைத் தப்பான பக்கம் திறக்க வைத்தாள். நிச்சயத்துக்குப் பட்டுப்புடவை எடுத்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. எல்லாம் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மகேஷ் சொன்னான். அவன் வீட்டில் சொன்னார்கள், இவள் வீட்டிலும் சொன்னார்கள். அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காளி பூஜை நெருங்கும்போது மகேஷுக்கு ஒரு யோசனை பிறந்தது. காளி பூஜை முடிந்து இரண்டாம் நாள் வங்காளிகளுக்குப் பாய் ஃபோன்ட்டா. அக்கா தங்கைகள் பட்டினி இருந்து அண்ணன் தம்பி நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, அவன் ஆயுசுக்கு வேண்டிக்கொண்டு இனிப்பு ஊட்டும் நாள். கூடப் பிறக்காதவன் நெற்றியில் வைத்தாலும் அவன் அன்றையிலிருந்து அண்ணன்தான். அந்த ஊரில் அதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. நீ புபாய்க்கு ஃபோன்ட்டா வச்சுடு, என் மனசு ஆறிடும், அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன், ஸ்கூட்டரில்கூடப் போ என்றான். நானும் கூட வந்து உட்கார்ந்திருப்பேன் என்றும் சொன்னான்.

ரஞ்சனா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சரி என்றாள். அப்பாடா, இதோடு தீர்ந்தது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சௌந்தரமும், ஒரு பொட்டு வச்சா என்ன கொறஞ்சா போயிருவ, வச்சுட்டு நிம்மதியா இரு என்றாள்.

புபாயிடம் மாடிப்படியில் வைத்துச் சொன்னாள். முதலில் சிரித்தான். சிரித்துவிட்டு, இத்தனை வருஷம் தோணாதது இப்ப ஏன் தோணுது என்று கேட்டான். அவள் மென்று விழுங்கினாள். அவனே புரிந்துகொண்டான். உன் ஆளுக்கு ரசீது வேணுமா என்றான். அஞ்சு வயசுல வச்சிருந்தா சந்தோஷமா நெற்றியைக் காட்டியிருப்பேன், இப்ப யாரோ சந்தேகப்பட்டதுக்குக் காட்டணும், போகட்டும், உனக்காக உட்கார்றேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சம்பந்தப்பட்டவர்களில் விஷயம் தெரியாதவள் காகிமா ஒருத்திதான். அவளுக்கு ஒரே பிள்ளை. வருஷா வருஷம் அந்த நாளில் பக்கத்து வீடுகளில் சங்கு ஊதும்போது இவள் வீடு வெறிச்சென்று இருக்கும். ரஞ்சனா வந்து கேட்டதும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். புது வேட்டி வாங்கினாள், ஐந்து வகை மிட்டாய் வாங்கினாள், மாடிக்கு ஏறி வந்து சௌந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். சௌந்தரம் தலையை ஆட்டினாள், சிரித்தாள். அவளுக்கு வங்காளம் வராது. இருபத்துநாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் வராது. கல்யாணமாகி வந்த புதுசில், கீழே போய் நின்னு பேசாதே, கண்டவனும் வந்து போற இடம் என்று செல்வராஜ் சொன்னார். போகவில்லை. பேசாததால் பழக்கமில்லை, பழக்கமில்லாததால் பாஷை வரவில்லை. அதை ஒரு குறையாக அவள் சொல்லி ரஞ்சனா கேட்டதே கிடையாது. அன்றைக்கு அம்மா ஊமை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள்.

ஃபோன்ட்டா அன்றைக்குக் காலை கீழ்வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து புபாயை உட்கார வைத்தார்கள். எதிரே ரஞ்சனா. சுவரோரம் நாற்காலியில் மகேஷ், இஸ்திரி போட்ட சட்டையில். பக்கத்தில் சௌந்தரம். காகிமா வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொடுத்தாள், இடது கைச் சுண்டு விரலால் சந்தனம் தொட்டு மூன்று தடவை வைக்க வேண்டும். ரஞ்சனா சந்தனம் தொட்டாள். புபாய் கண்ணை மூடிக்கொண்டான். முதல் பொட்டு வைக்கும்போது அவள் பார்வை தன்னையறியாமல் மகேஷ் பக்கம் போயிற்று, இது போதுமா என்று கேட்கிற மாதிரி. மகேஷ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புபாயின் முகத்தைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான், எங்கேயாவது ஒரு அசைவு தெரிகிறதா என்று. சங்கு ஊதினார்கள். அருகம்புல்லும் நெல்லும் தலையில் போட்டு, மிட்டாய் ஊட்டினாள். மகேஷும் இரண்டு மிட்டாய் சாப்பிட்டு, புபாயின் கையைக் குலுக்கி, இனிமே நீங்க எனக்கு மச்சான் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சனாவுக்கு மட்டும் ஏதோ அசிங்கம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. எழுந்து போய்க் கையை இரண்டு தடவை கழுவினாள்.

ஒன்பது நாள் நிம்மதியாகப் போயிற்று. மிஸ்டு கால் தவறினாலும் அவன் கேட்கவில்லை. அவள் மறுபடி ஆபீசில் நாலு வார்த்தை பேசினாள். ஆனால் ஸ்கூட்டரில் ஏறவில்லை. புபாய் கூப்பிடவும் இல்லை. படியில் பார்த்தால் அவன் வழிவிட்டு ஒதுங்கி நின்றான், முன்பெல்லாம் முடியைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடுகிறவன்.

பத்தாம் நாள் சாயங்காலம் காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்து டீக்கடையில் மகேஷ் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்ன என்று கேட்டாள். ஒண்ணுமில்லை என்றான். அந்த ஒண்ணுமில்லை எத்தனை பெரிசு என்று அவளுக்குத் தெரியும். நாலு தடவை கேட்ட பிறகு சொன்னான்.

"நான் ஒரு விஷயம் யோசிச்சுப் பார்த்தேன், ரஞ்சு. கோவிச்சுக்காதே. ஃபோன்ட்டா வைன்னு நான் சொன்னதும் நீ உடனே சரின்னுட்டே. மனசுல ஒண்ணும் இல்லாதவளா இருந்தா, என்னைப் பார்த்து எப்படிக் கேக்கலாம்னு சண்டை போட்டிருப்பே இல்லையா? ஏன் உடனே ஒத்துக்கிட்டே?"

டீக்கடைக்காரன் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தான். ரஞ்சனா கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. மாறாக எல்லாம் சட்டென்று விளங்கிப் போயிற்று. மாட்டேன் என்றிருந்தால் ஏன் மாட்டேன் என்று கேட்டிருப்பான். யோசித்திருந்தால் ஏன் யோசித்தாய் என்று கேட்டிருப்பான். நாளைக்கு ஆபீசிலிருக்கும் சாய் கிருஷ்ணாவைக் கூட்டி வந்து உட்கார வைத்தாலும், அதற்கு அடுத்த நாள் இன்னொரு கேள்வி இருக்கும். கல்கத்தாவில் இருக்கிற அத்தனை நெற்றிக்கும் அவள் பொட்டு வைத்து முடித்தாலும் இவன் மனசு ஆறப்போவதில்லை. அவன் கேள்வி அவளைப் பற்றியதே இல்லை. அதற்கு அவளிடம் பதிலும் கிடையாது.

ஆனாலும் அவன் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைத் தேடிப் பார்த்தாள். கிடைத்தது.

"பயந்துதான் ஒத்துக்கிட்டேன்" என்றாள். "இத்தனை நாள் உன்மேல இருக்கற ஆசையிலதான் எல்லாத்துக்கும் சரி சொல்றேன்னு நினைச்சுட்டிருந்தேன். அப்படி இல்லை மகேஷ். பயம்தான்."

அவன் திகைத்துப் போனான். நிஜமாகவே திகைத்தான், நடிப்பில்லை. என்கிட்ட உனக்கு என்ன பயம், ஒரு நாளாவது கை ஓங்கியிருக்கேனா, ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கேனா என்று கேட்டான். இல்லை என்றாள். அப்புறம் என்ன என்றான். அவளுக்கு அதை விளக்கத் தெரியவில்லை. அவன் அழுதான், நீயும் அவ மாதிரி போறியா என்றான், கூட்டாளிகள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றான், செத்துப்போவேன் என்றான். ஒவ்வொன்றுக்கும் அவள் மனசு இளகி இளகித் திரும்பியது. செத்துப்போவேன் என்றதும் பையிலிருந்து போனை எடுத்து, அவன் அப்பா ஆபீஸ் நம்பரைப் போட்டு, அங்கிள், மகேஷ் இங்கே மெட்ரோ வாசலில் மனசு சரியில்லாமல் நிற்கிறான், வந்து கூட்டிப் போங்கள் என்றாள். அவர் வரும்வரை அரைமணி நேரம் இரண்டு கை தூரத்தில் நின்றாள். வந்ததும் போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஆட்டோவுக்கு வரிசையில் போய் நின்றாள்.

பயப்பட வேண்டியது அத்தோடு முடியவில்லை. வீட்டில் சொல்ல வேண்டுமே. செல்வராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். நிச்சயம் வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவர் கை சோற்றிலேயே நின்றது. குடிக்கிறானா என்று கேட்டார். இல்லை. வேறே பொண்ணு? இல்லை. அடிச்சானா? இல்லை. அவங்க வீட்டுல அதிகமா எதும் கேக்காங்களா? இல்லை. பிறகு ஊருக்கு நான் என்ன காரணத்தைச் சொல்ல என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சம்பந்தம் முறிய ஊரில் நாலைந்து காரணங்கள் உண்டு. அவள் காரணம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சட்டை, டீ, பாட்டு, மிஸ்டு கால், ஸ்கூட்டர், ஃபோன்ட்டா, இன்றைக்குக் கேட்ட கேள்வி. சொல்லச் சொல்ல அவளுக்கே சின்னச் சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. அம்மா சமையலறை நிலையில் ரசப் பாத்திரத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவன் பக்கம்தான் பேசுவாள் என்று ரஞ்சனாவுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் அப்படித்தானே பேசினாள்.

செல்வராஜ் பெருமூச்சு விட்டார். கோபம்கூட இல்லை அவருக்கு, ஆறுதலாகத்தான் சொன்னார்.

"இதெல்லாம் ஒரு காரணமாம்மா? புதுசுல ஆம்பளை அப்படித்தான் இருப்பான். நான் இல்லையா? ஒங்கம்மா எங்கூட இல்லையா?"

சௌந்தரம் ரசத்தை இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கேன்" என்றாள். "வேற எங்க போவேன்? எனக்கு இந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாதே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. நாளைக்குக் காலையில் அலிப்பூருக்குப் போய் அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள், ரேஷன் கடைக்குப் போகச் சொல்வது போல. பிறகு மகளுக்கும் ஒரு தட்டை எடுத்துப் போட்டு, அவர் பக்கத்திலேயே உட்காரச் சொன்னாள்.